புள்ளியை விழுங்கும் கலம்: எக்செல் பெயர்ப் பட்டியலில் நிரை உயரம்

படுவான்கரையான் | 2023 நவம்பர் 11, இரவு 9.40

எக்செல்லில் தமிழ்ப் பெயர்களின் புள்ளி காணாமல் போகிறது. "கண்ணன்" என்று அடித்தேன், தாளில் "கணணன" என்று வந்து நிற்கிறார். "தம்பிப்பிள்ளை"யின் தலையில் இருந்த வளைவுகளும் இல்லை.

எங்கள் விவசாய அமைப்பில் 86 பேர். பெரும்போகத்துக்கு உரம் எடுக்கக் கொடுத்த பட்டியல் திரும்பி வந்துவிட்டது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் இதில் உள்ளதும் ஒன்றில்லையாம். மண்டூரில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறிக் குருமன்வெளிக்கு வந்து, களுவாஞ்சிகுடியில் ஒரு கொமியூனிகேஷனில் அச்செடுத்து, இப்போது அதே பயணம் மறுபடியும். மழை வேறு. எழுத்துரு லதா, அளவு 12. யாருக்காவது காரணம் தெரியுமா?

கல்முனை ரீச்சர் | நவம்பர் 11, இரவு 10.15

நிரலை அகட்டுங்கள். எனக்கும் புள்ளிப் பட்டியலில் இதே கரைச்சல். கலம் ஒடுக்கமாக இருந்தால் #### என்று வரும், நிரலின் கோட்டில் இரண்டு தரம் கிளிக் பண்ணினால் சரியாகிவிடும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளின் புள்ளி முழுக்க அப்படித்தான் ஒரு தவணை #### ஆக இருந்தது.

படுவான்கரையான் | நவம்பர் 11, இரவு 10.22

ரீச்சர், நீங்கள் சொல்வது மாணவர் வாங்கும் புள்ளி. நான் சொல்வது மெய்யெழுத்தின் புள்ளி. #### எண்ணுக்கும் திகதிக்கும்தான் வரும், பெயருக்கு வராது. என் நிரல் அகலமாகத்தான் இருக்கிறது. வெட்டுப்படுவது பக்கவாட்டில் இல்லை, மேலே.

பழைய அச்சகம் | நவம்பர் 12, காலை 6.05

அக்கரைப்பற்றில் 22 வருடம் அச்சு வேலை செய்தவன் சொல்கிறேன். பாமினியில் அடியுங்கள். பாமினியில் ஒரு எழுத்தும் வெட்டுப்படாது. யூனிகோட் வந்த பிறகுதான் இந்தத் தலை போவது, வால் போவது எல்லாம்.

ஒலுவில்_47 | நவம்பர் 12, காலை 8.30

பாமினிக்கு இப்போதே ஓட வேண்டாம். முதலில் புள்ளி உண்மையிலேயே போனதா, மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணன் B7 கலத்தில் இருந்தால், ஒரு வெற்றுக் கலத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN(B7)
```

"கண்ணன்" என்பதற்கு 6 வர வேண்டும். க, ண, புள்ளி, ண, ன, புள்ளி. எக்செல் புள்ளியைத் தனியாக எண்ணும். 4 வந்தால் அடித்தபோதே விட்டுவிட்டீர்கள். 6 வந்தால் எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது, கலத்தின் உயரம் போதாமல் மேல்பகுதி மறைகிறது.

அடுத்து, நிரை எண் 7க்கும் 8க்கும் நடுவில் உள்ள கோட்டில் சுட்டியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இழுக்க வேண்டாம். உயரம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பெட்டி காட்டும். அதை இங்கே எழுதுங்கள்.

படுவான்கரையான் | நவம்பர் 12, பகல் 12.50

LEN 6. உயரம் `15.00 (20 pixels)`.

கலத்துக்குள் இரண்டு தரம் கிளிக் பண்ணினால் புள்ளி தெரிகிறது. மேலே உள்ள பட்டையிலும் முழுப் பெயர் இருக்கிறது. வெளியே வந்ததும் மறுபடி மொட்டை.

ஒலுவில்_47 | நவம்பர் 12, பகல் 1.10

நினைத்தேன். 15 என்பது கலிப்ரி 11க்கு எக்செல் வழக்கமாக வைக்கும் உயரம், ஆங்கில எழுத்துக்கு அளந்தது. லதா 12 அதில் அடங்காது. ஆனால் லதாவில் அடித்தால் நிரை தானாகவே உயர்ந்திருக்க வேண்டுமே? யாராவது உயரத்தைக் கையால் மாற்றினீர்களா?

படுவான்கரையான் | நவம்பர் 12, பகல் 1.14

இல்லை.

படுவான்கரையான் | நவம்பர் 12, மாலை 5.35

மேலே "இல்லை" என்றது பொய். நினைவு வந்துவிட்டது.

86 பேரும் இரண்டு தாளில் அடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நிரைகள் எல்லாம் ஒன்று உயரமாக, ஒன்று குள்ளமாக இருந்தன. எல்லாவற்றையும் தெரிவுசெய்து `Row Height` இல் 15 என்று நானே போட்டேன். பார்க்க அழகாக இருந்தது, கொப்பியில் கோடு போட்ட மாதிரி. அந்த அழகுக்குத்தான் கண்ணன் புள்ளியைக் கொடுத்திருக்கிறார்.

ஒலுவில்_47 | நவம்பர் 12, இரவு 8.00

அதுதான் விசயம். நிரையின் உயரத்தை ஒரு தரம் கையால் வைத்துவிட்டால், எக்செல் அந்த நிரையில் தானாக உயரம் பார்ப்பதை விட்டுவிடும். பிறகு எழுத்துருவை மாற்றினாலும் பெரிதாக்கினாலும் அது அசையாது. இழுத்து மாற்றினாலும் இதே கதைதான். கை தவறிக் கொஞ்சம் இழுத்தாலும் போதும்.

திரும்பக் கொண்டுவர, நிரைகளைத் தெரிவுசெய்து `Home > Format > AutoFit Row Height`. விசைப்பலகையில் என்றால் Alt, H, O, A ஒன்றன்பின் ஒன்றாக.

தலை போனது ஏன், வால் போகாதது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கலத்தில் எழுத்து வழக்கமாக அடியில் ஒட்டி நிற்கும். இடம் போதாவிட்டால் மேல்பக்கம்தான் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மேலே பெரிதாக ஒன்றும் இல்லை, நமக்குப் புள்ளியும் இகர வளைவும் அங்கேதான் குடியிருக்கின்றன.

பழைய அச்சகம் | நவம்பர் 12, இரவு 8.20

அப்போ மேலே ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததே. `Top Align` ஒரு பட்டன்தானே. உயரத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

படுவான்கரையான் | நவம்பர் 13, காலை 7.15

காக்கா, செய்து பார்த்தேன். தலை வந்தது, வால் போனது. "முருகுப்பிள்ளை"யின் மு, கு இரண்டும் கால் இல்லாமல் நிற்கின்றன. நடுவில் வைத்தால் இன்னும் மோசம், தலையிலும் கொஞ்சம் வாலிலும் கொஞ்சம் என்று நீதியாகப் பங்குபோட்டு வெட்டுகிறது.

புள்ளி போனால் ஆளுக்குப் பார்த்தவுடன் தெரியும். கு, கூ வித்தியாசம் போனால் தெரியாது. அது இன்னும் பயம்.

படுவான்கரையான் | நவம்பர் 13, காலை 7.40

AutoFit போட்டேன். நிரைகள் நிமிர்ந்துவிட்டன. இரண்டு தாள் மூன்று ஆனது. அது போகட்டும்.

ஆனால் முகவரி நிரலில் பாதி இன்னும் வெட்டுப்படுகிறது. பெயர் சரி, அதே நிரையில் முகவரியின் முதல் வரி இல்லை. `Wrap Text` போட்டிருக்கிறேன்.

கல்முனை ரீச்சர் | நவம்பர் 13, பிற்பகல் 2.30

அது ஒன்றாக்கிய கலமா? என் புள்ளிப் பட்டியலில் தலைப்பு அப்படித்தான் மக்கர் பண்ணும், நான் எப்போதும் கையால் இழுத்து விடுவேன். இந்த முறை கேள்வியைச் சரியாக வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

படுவான்கரையான் | நவம்பர் 13, இரவு 9.05

ரீச்சர் பிடித்துவிட்டார். எனக்கு முன்னிருந்த செயலாளர் E, F இரண்டு நிரலையும் ஒவ்வொரு நிரையிலும் `Merge` பண்ணி முகவரியை எழுதியிருக்கிறார். ஒன்றாக்கிய கலங்களுக்குள் எத்தனை வரி இருந்தாலும் AutoFit அதைக் கணக்கில் எடுக்காதாம். பெயருக்கு ஒரு வரி போதும் என்று அந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது. முகவரி இரண்டு வரி என்றால் ஒரு வரி காற்றில்.

ஒன்றாக்கியதைப் பிரித்தேன், வெறுமையாகக் கிடந்த F நிரலை அழித்தேன், E நிரலை அந்த அளவுக்கு அகட்டினேன், மறுபடி AutoFit. சரி. தலைப்பு நிரை மட்டும் A இலிருந்து E வரை ஒன்றாகவே இருக்கிறது. அது ஒரே ஒரு நிரை. கையால் 48 போட்டு முடித்தேன். அதற்கு மேல் மெனக்கெட எனக்கு வயலில் வேலை இருக்கிறது.

படுவான்கரையான் | நவம்பர் 14, காலை 6.50

ஒரு சின்ன யோசனை. உயரம் போதுமா என்று பார்க்க 86 பேரையும் வாசிக்கத் தேவையில்லை. நம் ஊர்ப் பெயர்களே சோதனைக்குப் போதும். "புளியந்தீவு", "களுவாஞ்சிகுடி", "தம்பிலுவில்" மூன்றையும் ஒரு கலத்தில் அடித்துப் பாருங்கள். தீ, ஞ்சி, பி, வில் எல்லாம் மேலே தட்டும், பு, ளு, கு, லு கீழே இடிக்கும். இவை தப்பினால் எல்லாம் தப்பும். மட்டக்களப்பு இதற்கு உதவாது, மேலே மூன்று புள்ளி, கீழே பு மட்டும்.

பழைய அச்சகம் | நவம்பர் 14, காலை 7.10

அக்கரைப்பற்று? அதையும் சேருங்கள்.

படுவான்கரையான் | நவம்பர் 14, காலை 7.12

காக்கா, அதற்கு மேலே மூன்று புள்ளி, கீழே று. பாஸ். தீ மாதிரி மேலே சுருட்டு இல்லாததால் இரண்டாம் தரம்.

படுவான்கரையான் | நவம்பர் 16, இரவு 10.30

மறுபடியும் கெட்டது. வீட்டில் எல்லாம் சரி. பென் டிரைவில் எடுத்துப்போய்க் கொமியூனிகேஷனில் திறந்தால் எழுத்தின் வடிவமே வேறு. சில முகவரி இரண்டு வரியில் இருந்து மூன்று வரிக்குப் போய், மேல்வரி பாதியாகத் தெரிகிறது. எழுத்துருப் பெட்டியில் `Latha` என்றுதான் காட்டுகிறது. கடைத் தம்பி, "அண்ணன், உங்கட ஃபைலில்தான் பிழை" என்கிறார். எனக்குக் கோபம் வந்து பாதையை விட்டுவிட்டேன், அடுத்ததுக்குக் காத்திருந்தேன்.

ஒலுவில்_47 | நவம்பர் 17, காலை 8.45

உங்கள் மடிக்கணினி விண்டோஸ் 7 ஆ?

படுவான்கரையான் | நவம்பர் 17, காலை 9.00

ஓம். எப்படித் தெரியும்?

ஒலுவில்_47 | நவம்பர் 17, பகல் 12.15

லதா என்றதும் சந்தேகம். பழைய விண்டோஸில் லதா கூடவே வரும். விண்டோஸ் 10 இல் அது தானாக இருக்காது, `Optional features` இல் `Tamil Supplemental Fonts` என்று தனியாகச் சேர்க்க வேண்டும். கடைக் கணினியில் அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அங்கே எக்செல் பெட்டியில் `Latha` என்ற பெயரை வைத்துக்கொண்டு, இருக்கிற வேறொன்றால் எழுதும். பெரும்பாலும் `Nirmala UI`. பெட்டியில் இருப்பது நீங்கள் கேட்ட எழுத்துரு, கலத்தில் இருப்பது கிடைத்த எழுத்துரு.

அகலம் மாறினால் வரி மடியும் இடம் மாறும். நிரையின் உயரமோ உங்கள் வீட்டில் அளந்து கோப்பில் எழுதிவைத்தது. கோப்பைத் திறந்தவுடன் புதிதாக அளந்து பார்ப்பதில்லை. அதனால் மூன்று வரி எழுத்து, இரண்டு வரி உயரம்.

இதே பொறி இன்னொரு விதமாகவும் இருக்கிறது. புதுக் கோப்பில் எழுத்துருவை மாற்றாமல் தமிழ் அடிப்பவர்கள் அதிகம். பெட்டியில் `Calibri` என்று நிற்கும். கலிப்ரியில் தமிழ் எழுத்தே கிடையாது, அங்கும் வேறொன்றுதான் எழுதுகிறது. ஒரே பெயரை இரண்டு கலத்தில் போட்டு, ஒன்றைக் கலிப்ரி, மற்றதை நிர்மலா ஆக்கிப் பாருங்கள். எழுத்தின் வடிவம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால், இவ்வளவு நாளும் எழுதியது நிர்மலாதான்.

விண்டோஸ் 8 இலிருந்து எல்லாவற்றிலும் இருப்பது நிர்மலா. அச்சுக்குக் கொண்டுபோகும் கோப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன், அல்லது PDF. வேர்டில் போல எழுத்துருவைக் கோப்புக்குள் புதைத்து அனுப்பும் வசதி எக்செல்லில் இல்லை.

படுவான்கரையான் | நவம்பர் 17, இரவு 9.30

என் 7 இல் நிர்மலா இல்லை. ஆகவே PDF தான். `File > Save As` இல் வகையை PDF ஆக்கினால் போதும்.

கடைத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல. பாதிப் பிழை அவரிடம் என்று வைத்துக்கொள்வோம்.

படுவான்கரையான் | நவம்பர் 18, காலை 10.20

PDF எடுத்தேன். எடுத்தது நல்லதாகப் போயிற்று. திரையில் 100 விழுக்காட்டில் இரண்டு வரியாக அழகாக இருந்த மூன்று முகவரிகள் PDFஇல் மூன்று வரி. திரையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போதும் மடியும் இடம் மாறுகிறது, இப்போதுதான் கவனிக்கிறேன். AutoFit திரையில் அளக்கிறது, தாள் வேறு அளவில் எழுதுகிறது. இழுபறியில் இருக்கும் ஒரு சொல் அடுத்த வரிக்கு விழுந்தால் அந்த நிரை அவ்வளவுதான்.

E நிரலைக் கொஞ்சம் அகட்டினேன், ஒரு விரல் அளவு. இரண்டு போனது. ஒன்று மிச்சம்.

ஒலுவில்_47 | நவம்பர் 18, பகல் 1.00

AutoFit தரும் உயரம் எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தமிழுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். எக்செல்லில் அதற்குப் பட்டன் இல்லை. நான் இப்படிச் செய்வேன், உங்கள் பெயர்கள் 4 ஆம் நிரையில் தொடங்கி 89 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு:

```
Sub NiraiUyaram()
  Dim r As Long
  For r = 4 To 89
    Rows(r).AutoFit
    Rows(r).RowHeight = _
      Application.Min(409, Rows(r).RowHeight + 6)
  Next r
End Sub
```

Alt+F11 அழுத்தி, `Insert > Module` இல் ஒட்டி, F5. ஒவ்வொரு நிரையையும் முதலில் அளந்து, பிறகு 6 கூட்டுகிறது. எத்தனை தரம் ஓடவிட்டாலும் 6க்கு மேல் ஏறாது, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் புதிதாக அளக்கிறது. 409 எக்செல் அனுமதிக்கும் உச்ச உயரம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இதுவும் கையால் வைத்த உயரம் மாதிரித்தான். பிறகு ஒரு முகவரியை நீட்டினால் நிரை தானாக உயராது, மறுபடி ஓடவிட வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் கல்க் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. `Format > Rows > Optimal Height` இல் `Add` என்று ஒரு பெட்டி இருக்கிறது. 0.2 செமீ போட்டால் அளந்த உயரத்துக்கு மேல் அவ்வளவு கூட்டிவிடும். ஆனால் அங்கே தமிழின் எழுத்துரு, ஆங்கில எழுத்துருவில் இருந்து வேறாக `CTL font` என்ற இடத்தில் இருக்கும். `Options` இன் மொழிப் பகுதியில் `Complex text layout` ஐத் தெரிவுசெய்யாவிட்டால் அந்த இடமே கண்ணில் படாது. எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மாதம் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தோம், மாறியது ஆங்கிலம் மட்டும்.

பழைய அச்சகம் | நவம்பர் 18, மாலை 4.40

இவ்வளவு மந்திரம் ஓதுவதற்குப் பாமினி எவ்வளவோ மேல். இப்போதும் சொல்கிறேன். வெட்டுப்படாது.

படுவான்கரையான் | நவம்பர் 18, இரவு 9.50

காக்கா சொன்னதில் பாதி சரி. பாமினி அடங்கி நிற்கும், அது ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்துக்குள்ளேயே தமிழை வரைந்துவைத்த எழுத்துரு. எங்கள் பழைய பட்டியல் பாமினிதான், ஒரு புள்ளியும் போனதில்லை.

ஆனால் அதை ஏன் விட்டோம் என்றும் சொல்ல வேண்டும். பாமினியில் கலத்துக்குள் இருப்பது தமிழ் இல்லை. "தமிழ்" என்று தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது இது:

```
jkpo;
```

அகர வரிசைப்படுத்தச் சொன்னால் எக்செல் இந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து அடுக்கும். க அங்கே f, த j, ம k, அ m. ஆக மணியத்தாருக்குப் பின்னால் அருளப்பு நிற்பார். பெயரைத் தேடினாலும் பாமினியில்தான் தேட வேண்டும்.

யூனிகோடாக மாற்றியபோது இன்னொரு கூத்து. முழு நிரலையும் ஒரு மாற்றியில் ஒட்டினேன். பழைய அடையாள அட்டை இலக்கம் V இல் முடியும் அல்லவா, பாமினியில் V என்பது ஏ. 40 பேருக்கு மேல் அட்டை இலக்கத்தின் கடைசியில் "ஏ" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றது. இலக்க நிரலை ஒதுக்கிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றியிருக்க வேண்டும்.

பழைய அச்சகம் | நவம்பர் 18, இரவு 10.05

V கதைக்குச் சிரித்துவிட்டேன். ஆனாலும் கல்யாணக் கார்டுக்குப் பாமினிதான்.

படுவான்கரையான் | நவம்பர் 18, இரவு 10.07

கார்டில் யார் அகர வரிசைப்படுத்தப் போகிறார்கள், காக்கா. அடியுங்கள்.

படுவான்கரையான் | நவம்பர் 21, மாலை 6.15

நிரல் ஓடவிட்டேன், PDF எடுத்தேன், கடையில் அந்த PDFஐயே அச்சிட்டேன். மூன்றரைத் தாள். ஒவ்வொரு பெயராக அடையாள அட்டைப் பிரதியோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இந்தத் தரம் திரும்பவில்லை.

"நிரல் ஓடவிட்டேன்" என்று எழுதியதும் சிரிப்பு. நம் பள்ளிப் புத்தகத்தில் குறுக்கே போவது நிரை, கீழே இறங்குவது நிரல், கணினிக்கு எழுதும் கட்டளையும் நிரல். நான் ஓடவிட்டது மேலே 47 எழுதிய கட்டளையை.

ஒரே ஒரு நிரை மட்டும், 37, கடைக் கணினியில் எக்செல்லில் திறந்து பார்த்தால் இன்னும் மேல்பக்கம் உரசுகிறது. 6க்குப் பதில் 10 கொடுத்தும் அப்படியே. ஒன்றாக்கிய கலம் இல்லை, முகவரியும் ஒரு வரிதான். PDFஇல் சரி என்பதால் விட்டுவிட்டேன்.

ஒலுவில்_47 | நவம்பர் 21, இரவு 8.30

37 இல் யாரோ நடுவில் Alt+Enter அடித்து வைத்திருக்கலாம். கடைசியில் ஒரு வெற்று வரி இருந்தால் எழுத்து மேலே தள்ளப்படும். LEN போட்டு எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடுதலாக வரும்.

படுவான்கரையான் | நவம்பர் 22, காலை 6.30

எண்ணினேன். கூடவில்லை.

கல்முனை ரீச்சர் | நவம்பர் 22, பிற்பகல் 3.10

இதையெல்லாம் வாசித்துவிட்டு என் புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நிரை எல்லாம் 15. இரண்டு வருடமாகப் பெற்றோருக்குக் கொடுத்த அறிக்கையில் "கிருஷாந்தி" எல்லாம் மொட்டையாகப் போயிருக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை. இப்போது AutoFit போட்டேன். நன்றாக வந்தது. ஆனால் நான் போனில் கூகுள் ஷீட்டில்தான் அதிகம் வேலை செய்வது, அங்கே இந்த AutoFit எங்கே?

ஒலுவில்_47 | நவம்பர் 22, மாலை 5.00

கணினியில் என்றால் நிரை எண்ணில் வலது கிளிக் பண்ணி `Resize row`, அதில் `Fit to data`. போனில் நான் செய்து பார்த்ததில்லை, ரீச்சர்.